தவசி வாங்கிய லட்சம் பங்கு

தவசிக்குக் கோபமே வராது. அவன் படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நீங்கள்தான் படுகிறீர்கள் என்று என் மனைவி சொல்வாள். அது உண்மைதான். அவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால்கூட முதலில் எரிச்சல்தான் வருகிறது. அப்புறம் வருவது வேறு.

சோழவந்தான் கொடிக்கால்களில் கிள்ளிக் கட்டிய வெற்றிலையைத் தன் லோடு வண்டியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவருவது அவன் தொழில். பதினாறு வயதில் தாய் தகப்பனைப் பறிகொடுத்தவன். கூட இருந்தது தங்கை மலையம்மாள் ஒருத்திதான். அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வளர்த்து, கட்டிக்கொடுத்தான். தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், “பொண்ணு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்பான். முப்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மலையம்மாளின் மகள் முத்துமீனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் விளையாட்டில்லை. சொந்தபந்தம் வரிசையாகத் தட்டுத் தூக்கிவர, மேளம் முன்னே போக, மண்டபமே எழுந்து நின்று பார்க்கும். பார்க்கிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை தட்டு?” என்பதுதான். நூற்றொன்று என்றால் தாய்மாமன் தலை நிமிரும். தட்டில் என்ன இருக்கிறது என்பது அடுத்த பேச்சு.

தவசி நான்கு லட்சம் சேர்த்து வைத்திருந்தான். முன்பெல்லாம் அந்தப் பணத்துக்குக் கை நிறைய நகை வாங்கியிருக்கலாம். தங்கம் விற்ற விலையில் இப்போது அது ஒரு மெல்லிய சங்கிலிக்குத்தான் தேறும் என்று தெரிந்ததும் ஆள் சோர்ந்துபோனான். அந்தச் சோர்வோடுதான் ஒருநாள் சரக்கை இறக்கிவிட்டு, கோச்சடையில் டீக்கடை மாடியிலிருக்கும் என் அலுவலகத்துக்கு வந்தான். நான் பங்குத் தரகு முகவர். பெயர் அருள்பாண்டி. அவனும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள்.

“ஏன் மாப்ள, நாலு ரூவாய்க்குப் பங்கு கிடைக்குதுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

போனை நீட்டினான். ஏதோ வாட்ஸப் குழுவில் வந்த செய்தி. வடக்கே இருக்கும் ஓர் இரும்புக் கம்பெனி. ஒரு காலத்தில் நூற்று அறுபது ரூபாய் விற்ற பங்கு, இப்போது நான்கு ரூபாய்.

“நூத்தி அறுவது வித்த சாமான் நாலு ரூவாய்க்குக் கிடைக்குது. பாதிக்கு ஏறுனாக்கூட எம்புட்டு ஆகும்? லட்சம் பங்கு மாப்ள! ‘எங்க மாமன் எனக்கு லட்சம் பங்கு போட்டாரு’ன்னு மீனா சொல்லும்ல?”

அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் திட்டினேன்.

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன். “இந்தப் பங்கு நூத்தி அறுவது வித்தப்ப கம்பெனியில மொத்தமே இருவது கோடிப் பங்குதான். அப்புறம் கடன் கட்ட முடியாம, பேங்குக்காரனுக்குக் கடனுக்குப் பதிலாப் பங்கக் குடுத்து, புதுசு புதுசா அச்சடிச்சு வித்து, இப்ப நானூறு கோடிப் பங்கு. ஒரு சாப்பாட்டை இருவது பேருக்குப் போடுறதும் நானூறு பேருக்குப் போடுறதும் ஒண்ணா? நாலு ரூவாய்ங்குற, அத நானூறு கோடியால பெருக்கிப் பாரு. ஆயிரத்து அறுநூறு கோடி! நாலு வருசமா நட்டத்துல ஓடுற கம்பெனிக்கு அம்புட்டு விலை. இதாடா சல்லிசு?”

“அப்ப நூத்தி அறுவதுக்குத் திரும்ப வராதுங்குறியா?”

“வரணும்னா அறுவத்து நாலாயிரம் கோடி பெறணும். வட்டி கட்டவே வழியில்லாத கம்பெனி. முதலாளியே தன் பங்கை அடகு வச்சிருக்கான். அவனுக்கே நம்பிக்கை இல்ல, உனக்கு என்ன?”

நல்ல கம்பெனிப் பங்கு ஒன்றைக் காட்டினேன். மூவாயிரம் ரூபாய். விலை கூடுதல் என்பதாலேயே அது நல்லதாகிவிடாது, இது லாபம் சம்பாதிக்கிறது, கடன் இல்லை, அதைப் பார் என்றேன். அவன் விரல் விட்டு எண்ணினான். நான்கு லட்சத்துக்கு நூற்றிச்சொச்சம் பங்குதான் வரும்.

“நூறை வச்சுக்கிட்டு எப்படிடா சபையில சொல்றது?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

வாடிக்கையாளர் கேட்டால் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். வாங்கிக் கொடுத்தேன். லட்சம் பங்கு.

வேடிக்கை என்னவென்றால், அது ஏறியது. ஒருநாளில் ஏறக்கூடிய உச்ச வரம்பைத் தினமும் தொட்டு ஐந்து ரூபாயைத் தாண்டியது. தவசி அல்வாப் பொட்டலத்தோடு மாடியேறி வந்தான். இப்போதே விற்றுவிடு, லாபத்தோடு கிளம்பு என்று கெஞ்சினேன். நூற்று அறுபதை மனதில் வைத்திருப்பவனுக்கு ஐந்து எங்கே கண்ணில் படும்? “கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்குல்ல” என்று எனக்கு அல்வா ஊட்டிவிட்டுப் போனான்.

அடுத்த மாதம், கடன் கொடுத்த வங்கி ஒன்று கம்பெனியைத் திவால் தீர்ப்பாயத்துக்கு இழுத்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் சந்தை திறந்ததும் பங்கு அன்றைய கீழ் வரம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருநாளைக்கு அதற்குக் கீழே விலை போகக்கூடாது என்று கட்டிய எல்லை அது. அந்த விலையிலும் வாங்க ஆள் கிடையாது. விற்கிறவர்கள் வரிசையில் கோடிக்கணக்கான பங்கு, வாங்குகிறவர்கள் பக்கம் வெறும் சைபர். தினமும் தவசியின் லட்சத்தையும் வரிசையில் வைப்பேன். சாயங்காலம் அது அப்படியே திரும்பி வரும்.

“விலைதான் போட்டிருக்கே மாப்ள. அந்த விலைக்கு வித்துக் குடேன்” என்பான், குழந்தை கேட்பதுபோல.

“விலை போட்டிருக்கு. வாங்க ஆள் இல்லடா.”

பங்கு ஒன்றரை ரூபாய்க்கு வந்தது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் தவசி மறுபடி மாடியேறினான். முகம் தெளிவாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு துணிமுடிச்சை எடுத்து மேஜைமேல் அவிழ்த்தான். தங்கச் சங்கிலி.

“அடகு வச்சா மூணு லட்சம் தேறும். ஒன்றரை ரூவாய்க்கு ரெண்டு லட்சம் பங்கு வாங்கிருவோம். மூணையும் சேத்தா சராசரி ரெண்டரைக்கும் கீழதான். ரெண்டரை வந்தாப் போதும் மாப்ள, லாபம். தப்பிச்சிருவோம். நாம வித்தாத்தான் வாங்க ஆள் இல்ல, நாம வாங்குறதுக்கு வேணுங்குற அளவு கிடைக்குதே.”

“சங்கிலி யாரோடது?”

துணியை இழுத்து அதை மூடப் பார்த்தான். மறுபடி கேட்டேன்.

“மலையம்மாளோடது. நம்ம கை வறண்டு கிடக்குன்னு எப்படியோ மோப்பம் பிடிச்சுட்டா. நேத்து அவ வீட்டுக்காரருக்குத் தெரியாம வந்து குடுத்துட்டுப் போனா. ‘இத நீ வாங்குனதாத் தட்டுல வச்சுக் கொண்டாண்ணே, சபையில உன் தலை குனியக்கூடாது’ன்னா. நான் அவ கல்யாணத்துக்குப் போட்ட சங்கிலிதான் இது.”

எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. கீழே டீக்கடையில் பேச்சு நின்றுவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

“வேணுங்குற அளவு ஏன்டா கிடைக்குது? வச்சிருக்கவன் பூராம் உன் தலையில கட்டிட்டு ஓடப் பாக்குறான், அதான் கிடைக்குது! நாலு ரூவாயா இருந்தது ஒன்றரை ஆச்சு, இதுக்கு மேல என்ன எறங்கும்னுதான நினைக்கிற? ஒன்றரை ரூவா, முக்கா ரூவாயா ஆனா அதுலயும் பாதி போச்சு. கம்பெனிய வித்தா மொதல்ல பேங்குக்காரன், வேலைக்காரன், இன்னும் எவனெவனோ. எல்லாம் எடுத்தது போக மிச்சம் இருந்தாத்தான் பங்கு வச்சிருக்கவனுக்கு. கடன்லயே முங்கிக் கெடக்கு, மிச்சம் எங்கருந்து வரும்? ஒண்ணு சொல்றேன் கேளு. நாளைக்கு நான் நூத்தியொரு தட்டு தூக்கிட்டு வாரேன். தட்டுக்கு ஒரு எலுமிச்சம்பழம். அதுவும் அழுகல். அத சீருன்னு சொல்லுவியா நீ?”

“தட்ட எண்ணிட்டேன்லடா மாப்ள,” என்றான் தவசி, சங்கிலியைப் பார்த்தபடி. “உள்ள என்ன இருக்குன்னு பாக்காமத் தட்ட எண்ணிட்டேன்.”

அழுதான். நானும் அழுதேன், என்ன இப்போது? அப்புறம் விழுந்த நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவன் சங்கிலியை முடிந்துகொண்டு நேரே மலையம்மாள் வீட்டுக்கு வண்டியை விட்டான். நடந்ததை முழுசாகச் சொல்லி, சங்கிலியை அவள் கையில் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டானாம். கல்யாணத்துக்கு வருவானோ மாட்டானோ என்று அவள் எனக்குப் போன் போட்டு அழுதாள்.

வந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு வந்தான். மண்டபத்துக்கு எதிரில் வண்டி நின்றது. மொத்தம் பதினோரு தட்டு. முத்துமீனாவுக்கு ஒரு பட்டுச்சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, கட்டுக் கட்டாக வெற்றிலை, பாக்கு, சீப்புச் சீப்பாக மலைவாழை, தேங்காய், வெல்லம், மல்லிகைப்பூ. வெற்றிலை கொடிக்காலில் அவனே நின்று பொறுக்கி எடுத்த கொழுந்து. சேலைக்கு அந்த மாதம் வண்டி ஓட்டிக் கிடைத்த வாடகை முழுவதும் போயிருந்தது. நகை இல்லை.

மேளம் முன்னே போனது. தட்டுத் தூக்க ஆள் பத்தவில்லை. வழக்கமாக முண்டியடித்து வருகிற சொந்தக்காரர்கள் பதினொன்றைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்கள். “தாய்மாமன் ஏதோ ஷேருல போட்டு விட்டுட்டானாம்ல” என்று ஒரு குரல் எல்லோருக்கும் கேட்கும்படியே வந்தது. தவசியின் காது சிவந்தது. பேசினவர் மூக்கை உடைக்க நான் திரும்பினேன். தவசி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“ஆமா சித்தப்பா, தப்பான பங்குல போட்டுட்டேன்,” என்றான் அந்தக் குரல் வந்த பக்கம் பார்த்து. “இது என் வண்டி ஓடுன காசு. இம்புட்டுத்தான் இருந்துச்சு.”

மண்டப வாசலில் ஆரத்தியோடு நின்ற மலையம்மாள், ஆரத்தித் தட்டைப் பக்கத்திலிருந்தவள் கையில் கொடுத்தாள். சீர் வாங்கும் வீட்டுப் பெண் படியிறங்கக்கூடாது. அவள் இறங்கி, ரோட்டைத் தாண்டி, வண்டியிடம் வந்தாள். அவள் கழுத்தில் சங்கிலி இருந்தது. வெற்றிலைத் தட்டைக் குனிந்து தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

“ஏத்தா, சீரு வாங்குறவளே தூக்கலாமா?” என்று ஒரு கிழவி கத்தினாள்.

“எங்க அண்ணன் தட்டு கனமா இருக்கு அம்மாச்சி,” என்றாள் மலையம்மாள். “ஒத்தையில அது எப்படித் தூக்கும்?”

அதைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அப்புறம் நான்கு பேர். தவசி தங்கைக்குப் பக்கத்தில், அழுதபடியே நடந்தான்.