அடைப்புக்குறிக்குள் ஒரு சோகம்

என் தங்கச்சியை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். கடைசியாகப் பிறந்தவள், ஆனால் வாய் மட்டும் எங்களுக்கெல்லாம் முன்பே பிறந்துவிட்டது. எனக்கும் அவளுக்கும் நடுவில் பிறந்தவன் ஊசி. தையல்காரன். பிறவியிலேயே காது கேட்காது. நான் புருஷனைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தபிறகு மூவரும் ஒரே கூரையின் கீழ் கிடக்கிறோம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதைக் கம்ப்யூட்டரில் தட்டுகிறவள் வாலுதான். அவளைப் பற்றியதை மாற்றினால் காதைத் திருகுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

சின்ன வயதிலிருந்து ஊசிக்குக் காது அவள்தான். தெருவில் யார் என்ன சொன்னாலும் அவன் திரும்பிப் பார்ப்பது அவள் கையைத்தான். கடைக்கு வருகிறவர்கள் முனகினால், "என்ன சொல்றாங்க?" என்று புருவத்தைத் தூக்குவான். அவள் சைகையில் சொன்னால் அது வேதம். இந்த உலகத்தில் அவன் சரிபார்க்காமல் நம்பியது இரண்டுதான்: அவனுடைய அளவு நாடா, அவனுடைய தங்கச்சி.

அந்தப் பழக்கத்தில்தான் அவளுக்கு வேலையும் அமைந்தது. காது கேளாதவர்களுக்காகப் படங்களுக்கு அடியில் எழுத்து போடுகிற வேலை. பேச்சை மட்டும் எழுதினால் போதாதாம். கதவு தட்டும் சத்தம், இசை, பேசுகிறவரின் குரல் எப்படி இருக்கிறது என்பதையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டுமாம். முகம் தெரிந்தால் தேவையில்லை, பார்த்தே புரிந்துகொள்வார்கள். முதுகைக் காட்டிப் பேசும்போதும், வாய் ஒன்று சொல்லக் குரல் வேறொன்று சொல்லும்போதும் கட்டாயம் வேண்டும். அதற்கு ஒரே ஒரு சொல்லுக்குத்தான் இடம். அதற்குமேல் எழுதினால் படிப்பதற்குள் காட்சி ஓடிவிடும்.

ஊசி போகிற காது கேளாதோர் சங்கத்தில் மாதம் ஒரு படம் போடுவார்கள். அந்தத் தடவை அவள் எழுத்து போட்ட படம். ஊசி புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டான். கூடம் முழுவதும் சுற்றிச் சுற்றி, "என் தங்கச்சி, என் தங்கச்சி" என்று நெஞ்சைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். வாலு முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, புதுப்பெண் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

படத்தில் ஒருத்தன் பெண்டாட்டியின் நகையைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஊருக்குப் போவதாகப் புளுகிவிட்டுக் கிளம்புகிறான். அவளுக்கு எல்லாம் தெரியும். நமக்கு முதுகைக் காட்டித் துணி மடித்துக்கொண்டே சொல்கிறாள்: "போயிட்டு வாங்க. உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்க நான் தவமில்ல செஞ்சிருக்கணும்."

அந்தக் குரல்! வெண்ணெயில் ஊசியைச் செருகிக் கொடுத்த மாதிரி. எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. கூடமே அதிரச் சிரித்தேன்.

வேறு யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் குலுங்கியது பெஞ்சில் அதிர்ந்து ஊசி திரும்பிப் பார்த்தான். திரையைக் காட்டினான், என் வாயைக் காட்டினான். ஏன் சிரித்தாய் என்று கேட்டான். அவள் கேலி பண்ணுகிறாளே என்று சைகையில் சொன்னேன். இல்லை என்று தலையாட்டினான். அடியில் என்ன எழுதியிருந்தது என்று கண்ணீர் வழிகிற மாதிரி விரலால் கோடு போட்டுக் காட்டினான்.

சோகமாக. அதைத்தான் போட்டிருந்தாள் வாலு.

அடுத்த காட்சியில் அந்தப் பெண்டாட்டி பூட்டை மாற்றுகிறாள். கூடத்தில் கைகள் பறந்தன. இவ்வளவு நேரம் அழுதவள் இப்போது எதற்குப் பூட்டை மாற்றுகிறாள்? முன்வரிசை அம்மா, அவளுக்குப் பைத்தியம் என்று நெற்றியில் விரலைச் சுழற்றினாள். ஊசி தங்கச்சியைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. கடையில் பொத்தான் தப்பாக வைத்துவிட்டால் தன் கையையே பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். வாலு தலையைக் குனிந்தவள் குனிந்தவள்தான். படம் முடிந்து யாரோ கையைப் பிடித்துப் பாராட்டியபோதும் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டி, அந்தக் குரலு உன் காதுல எப்படித்தான் விழுந்துச்சு?"

"நல்லாத்தான் விழுந்துச்சுக்கா."

"அப்புறம் ஏன்டி அப்படி எழுதின?"

கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினாள். "மூணு பட்டன் வெச்சிருக்கேன். ஒண்ணத் தட்டினா சோகமாக. இன்னொண்ணு கோபமாக. இன்னொண்ணு மகிழ்ச்சியாக. சீக்கிரம் முடிக்கணும்ல. புருஷன் போறான், பொண்டாட்டி துணி மடிக்கிறாள்னு பார்த்தேன். கை தானா தட்டிடுச்சு."

"தலைவலிக்கும் பேதிக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற கம்பவுண்டர் மாதிரியா?"

அவள் அந்த மூன்று பட்டனையே தடவிக்கொண்டிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்கு ஒன்பது திருப்பிக் கொடுத்திருப்பாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"இதுவரைக்கும் யாரும் புகார் பண்ணலையேம்மா," என்றார் மேலாளர்.

"புகார் பண்ண வேண்டியவங்களுக்குக் குரல் கேக்காது சார். நான் போட்டதைத்தான் நம்பிட்டு இருக்காங்க. திருத்திக் கொடுக்கிறேன், மாத்திடுங்க."

மூன்று பட்டனையும் அழித்தாள். ஊசியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படத்தை மறுபடி ஓட்டினாள். பெண்டாட்டி சொன்னதற்கு முதலில் 'கேலியாக' என்று வாய்விட்டுச் சொல்லிப் போட்டாள். பிறகு, "கேலின்னா விளையாட்டாயிடும், இதுல விஷம் இருக்கு," என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு 'குத்தலாக' என்று மாற்றினாள். ஒரு கிழவர் முதுகைக் காட்டி நின்று, "அப்போ இந்த மரம் என் உயரம்தான்," என்பார். அதிலும் பழைய சோகமே இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டாள். "அழுகை இல்லக்கா இது. அந்தக் காலம் திரும்பி வராதுன்னு தெரிஞ்சும் அதையே தடவிப் பார்க்கிறாரு." 'ஏக்கமாக' என்று போட்டாள். குழந்தைக்குப் போர்த்திவிடும் தாயின் குரலுக்குக் 'கனிவாக.'

குத்தலாக என்று வந்த இடத்தில் ஊசி சிரித்தான். நான் சிரித்த அதே இடம். வாலு சிரிக்கவில்லை.

சிரித்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்தினான். அவள் கையைத் தொட்டுத் திருப்பி, சைகையில் கேட்டான்: அம்மா கடைசியாகச் சொன்னது எப்படி?

அம்மா போகிற அன்று, அவன் வாசலில் நின்றிருந்தபோது, "அந்தத் தடியன் சட்டைய மடிச்சு வைக்கிறானா பாரு. தைக்கத்தான் தெரியும் கழுதைக்கு," என்றாள். அதுதான் அவள் கடைசிப் பேச்சு. வாலு அழுதுகொண்டே அதை அவனுக்குக் கையால் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவன் அன்றும் கேட்டான். வருத்தமாக என்று அவள் ஒரே சைகையில் முடித்தாள். அது அவளுடைய வருத்தம், அம்மாவுடையது அல்ல. அன்றிலிருந்துதான் அவன் ராத்திரி தூங்கும்முன் அலமாரியைத் திறந்து சட்டைகளைப் பிரித்துப் பிரித்து மடிக்கிறான். சுத்தக்காரன் என்று நாங்கள் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தோம்.

வாலுவின் கை மேலே போய்ப் பாதியில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் முகத்தை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் போட்டுக்கொண்டாள்: ஒரு கண் சுருங்கி, வாய் ஒரு பக்கம் கோணி, திட்டும்போதே கன்னம் உப்பி. அந்த முகத்தோடு தடியன், சட்டை, கழுதை என்று ஒவ்வொன்றாகக் கையால் சொன்னாள்.

ஊசி என்னைப் பார்த்தான். வாழ்நாளில் முதல்முறையாக அவள் சொன்னதை என்னிடம் சரிபார்த்தான்.

"ஆமாடா, அப்படித்தான். செல்லமாத்தான் சொன்னா," என்று சைகையிலும் காட்டித் தலையாட்டினேன்.

வாலு அதைப் பார்த்துவிட்டாள். அவன் என் பக்கம் திரும்பியதை.

ஊசி எழுந்து உள்ளே போனான். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்கவில்லை. நான் எட்டிப் பார்த்தபோது ஒரு சட்டையை மடிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போய் ஏதாச்சும் சொல்லுடி," என்றேன்.

"என்னன்னுக்கா சொல்றது? எந்த முகத்தோட சொல்றது?"

படம் அப்படியே நின்றிருந்தது. இப்போது இந்தக் கதையைத் தட்டும்போதும் அவள் நிமிரவில்லை. எந்த முகத்தோட என்று கேட்டாயே, அது என்ன குரல், அதற்கு என்ன போடுவாய் என்று கேட்டேன். வெட்கமாக என்று வாய்விட்டுச் சொல்லிப் போட்டாள். அழித்தாள். கூச்சமாக என்று போட்டாள். அதையும் அழித்துவிட்டு, அடைப்புக்குறியை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்.