எட்டுக்கு முன்னால் இருந்த இடம்

"11.6.94, சனி. போட்டோ பில் அட்டவணை முடிந்தது. கூட்டல் சரி. தேதி தெரியவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. வழக்கமாக மழை, மின்வெட்டு, படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் பக்க எண் எல்லாம் குறித்து வைப்பவன் நான். அன்று அதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

அப்போது நான் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு பெயின்டிங் கான்ட்ராக்ட் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகளைச் சுரண்டி வர்ணம் பூசுவதுதான் எங்கள் தொழில். மார்ச் 14, திங்கட்கிழமை காலை, கீழ்க்கட்டளையில் ஒரு தொட்டியின் வெளிப்புறத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெயின்டர் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. அவர் இடுப்பில் பெல்ட் இல்லை.

அந்த வேலையிடத்துக்குப் பொறுப்பாக இருந்த மேஸ்திரி, இறந்தவரின் மச்சான். தங்கை புருஷனைத் தானே வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார். காரியம் முடிந்த மறு வாரம் கம்பெனி அவருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் கொடுத்தது: நான்கு சேஃப்டி பெல்ட் வாங்கிக் கொடுத்திருந்தும் ஷெட்டிலேயே போட்டு வைத்திருந்தார், ஆட்களைக் கட்டச் சொல்லவில்லை. மேஸ்திரியின் பதில் ஒரே வரி. விபத்து நடந்த அன்று வேலையிடத்தில் பெல்ட்டே கிடையாது, பிறகுதான் வந்தது.

ஸ்டோர் ரிஜிஸ்டர் பார்த்துச் சொல்ல வழி இல்லை. கடையிலிருந்து சாமான் நேராக வேலையிடத்துக்குப் போய்விடும், அலுவலகத்துக்குப் பில் மட்டும் வரும். ஆகவே எல்லாம் தாம்பரம் ஹார்டுவேர் கடை ஒன்றின் பில்லில் வந்து நின்றது. அதில் பெல்ட் இருந்தது. ஆனால் அந்தக் கடையின் பில் புத்தகங்களையும், அந்தக் கடையில் வாங்கியதற்காக எங்கள் பில் ஃபைலையும் ஏப்ரல் மாதமே விற்பனை வரிக்காரர்கள் சோதனைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். ஃபைலை வெளியே தர மாட்டோம் என்றார்கள். மானேஜர் கெஞ்சி, ஒரு ஸ்டுடியோக்காரரை அழைத்துப் போய் அந்த ஒரு பில்லைப் போட்டோ எடுத்து வந்தார்.

விசாரணைக்கு வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட வக்கீலுக்குக் கண்ணாடி போட்டும் அந்தப் போட்டோ பிடிபடவில்லை. "இதை அப்படியே டைப் பண்ணி, டோட்டல் டேலி ஆகுதான்னும் பார்த்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். வேலை என்னிடம் வந்தது.

அலுவலகத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் கட்டங்கள் போட்டேன். வரிசை எண், பொருள், அளவு, விலை, தொகை. பக்கத்தில் இன்னொரு கட்டம், அளவை விலையால் பெருக்கி மெஷினே போட்டுக்கொள்ளும் தொகை. இரண்டுக்கும் வித்தியாசம் கடைசிக் கட்டத்தில். ஐந்து வரிசையில் நான்கில் வித்தியாசம் பூஜ்யம். முதல் வரிசையான நைலான் கயிற்றில் மட்டும் அறுபது ரூபாய் உதைத்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் 810 என்று படித்தது 870. ஏழின் மேல்கோடு மடிப்பில் போயிருந்தது. அறுபது மீட்டர், மீட்டர் பதினாலரை, 870. வயர் பிரஷ், பெயின்ட் பிரஷ், கையுறை. பெல்ட் நான்கு, ஒன்று 185, தொகை 740. மொத்தம் 2502. எட்டு சதவீத வரி 200.16. பில்லின் அடியில் 2702 என்றிருந்தது. பதினாறு காசைக் கடைக்காரர் விட்டுவிட்டிருக்கிறார். பெல்ட் வரிசையை எடுத்துவிட்டால் எதுவும் ஒத்துவரவில்லை. ஆக, அதைப் பின்னால் செருகிய கை எதுவும் இல்லை. அந்த அளவுக்கு நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

தேதி வலது மேல் மூலையில். ஃபைலில் ஒட்டிய பசையில் அந்த மூலை உப்பி நின்றிருக்கிறது. ஃப்ளாஷ் வெளிச்சம் அங்கேதான் பட்டுத் தெறித்திருக்கிறது. ஒரு வெள்ளைத் திட்டு. அதன் வலது ஓரத்தில் ஒரு எட்டு, பிறகு புள்ளி, 3, புள்ளி, 94. எட்டுக்கு முன்னால் ஓர் எண் இருந்திருக்க இடம் இருந்தது. ஒன்றும் இல்லாமலும் இருந்திருக்கலாம். 8 என்றால் விபத்துக்கு ஆறு நாள் முன்பு. 18, 28 என்றால் சாவுக்குப் பிறகு.

திட்டை நீக்க முடியுமா என்று ஸ்டுடியோவுக்குப் போனேன். அவர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இந்தா பாரு சார், அந்த இடம் ஃபுல்லா கறுப்பா கீது. உள்ள ஒண்ணுமே வுழல. பெருசா பிரின்ட் போட்டா வெள்ளைதான் பெருசா வரும். உனக்கு இன்னா, துட்டு தண்டம்."

"இன்னொரு தடவை எடுத்திருக்கக் கூடாதா?"

"அந்த ஆபீசர் ஒரு கிளிக்குக்கே மூஞ்சிய தூக்கினாரு சார். மறுபடி எட்ரான்னா கேமராவையே புடுங்கிக்கினு இருப்பாரு."

மறுபடி போட்டோ எடுக்கக் கேட்டு நானே ஒரு கடிதம் எழுதி மானேஜர் மேஜையில் வைத்தேன். ஃபைல் சிட்டி ஆபீசுக்குப் போய்விட்டதாம், கையெழுத்துப் போட்டுப் பயனில்லை என்றார்.

அட்டவணையின் தேதிக் கட்டத்தில் "?8-3-94" என்று அடித்தேன். அந்த மெஷின் அரைகுறைத் தேதியைத் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். மானேஜர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது, கேள்விக்குறி எல்லாம்? டோட்டல் டேலி ஆயிடுச்சு இல்ல?"

"ஆயிடுச்சு சார்."

"பைசா வரைக்கும்?"

"பைசா வரைக்கும்."

"அப்புறம் என்ன? மத்ததெல்லாம் கரெக்டா இருக்கிற பில்லுல டேட் மட்டும் தப்பா இருக்குமா? எட்டுன்னு கண்ணுக்குத் தெரியுது, எட்டுன்னு போடுங்க."

தொகைகளைக் கூட்டினால் தொகைதான் வரும் சார், அதிலிருந்து தேதி வராது என்றேன். அவர் சிரித்தார். "நீங்க டைரி எழுதுறவர், உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்றார். எட்டு என்று மாற்றச் சொல்லி மறுபடி சொல்லவில்லை. அவர் பொய் சொல்கிறார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. பெல்ட் வாங்கச் சொன்னது தான்தான், அது முன்னாலேயே வந்துவிட்டது என்று அவர் மனதார நம்பியது போலத்தான் இருந்தது.

அன்று மாலையே சேலையூரில் என் வீட்டு வாசலில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடியே பேசினார்.

"பதினெட்டுன்னு போட்ரு சார்."

"படத்துல தெரியலீங்க."

"எனக்குத் தெரியும் சார். புது பெல்ட்டு, கவர் கூட பிரிக்காம, அவன எடுத்தப்புறம்தான் வந்திச்சு. என் கையாலதான் எறக்கினேன்."

"அதை விசாரணைல சொல்லுங்க. நான் படத்துல இருக்கிறதை மட்டும்தான் எழுத முடியும்."

"சொன்னேனே. சாட்சி யாருன்றாங்க. கூட நின்னவனுங்க எல்லாம் இன்னும் அங்கதான கூலி வாங்கிகினு கீறானுங்க?" சற்று நேரம் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டிருந்தார். "வேலை போனா போவுது சார். வேற மேஸ்திரி வேலை கெடைக்காதா? என் தங்கச்சி கேட்டுச்சு, 'பெல்ட்ட ஷெட்டுல பூட்டி வெச்சுக்கினு எம் புருஷன ஏத்தினியா'ன்னு. கம்பெனிக் காயிதத்த யாரோ படிச்சு காட்டியிருக்கானுங்க. அப்புறம் வாசல்ல ஏத்தல. நீ பதினெட்டுன்னு ஒரு காயிதம் குடுத்தின்னா நான் எடுத்துப்போய்க் காட்டுவேன். அவ்ளோதான் சார்."

நான் முடியாது என்றேன்.

"ஆபீசுக்கு எட்டும் இல்ல, எனக்குப் பதினெட்டும் இல்ல. நல்லா கணக்கு போட்ற சார் நீ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அதோடு விட முடியவில்லை. பில் எண் படத்தில் தெளிவாக இருந்தது: 347. எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியர் அதே கடையில் ஆணி, தாழ்ப்பாள் வாங்கியவர். அவரிடம் அந்த மார்ச் மாதத்துப் பில் ஒன்று இருந்தது. எண் 352, தேதி 10. அப்படியானால் 347 அதற்கு முந்தியது, அதாவது எட்டாம் தேதி. மேஸ்திரி சொன்னது பொய் என்றாகிறது. மறுநாள் கடைக்கே போய்க் கேட்டேன்.

கடைக்காரர் தராசில் ஆணி போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டு புக்கு ஓடும் சார். ரொக்கத்துக்கு ஒண்ணு, கம்பெனிக் கடனுக்கு ஒண்ணு. ரெண்டும் ஒண்ணாம் நம்பர்லேர்ந்துதான். வாத்தியாரு ரொக்கம், உங்களுது கடன். அத வெச்சு இத பார்த்தா எப்படி?"

"எங்க கம்பெனி பெல்ட் எப்ப வாங்கிச்சு, ஞாபகம் இருக்கா?"

"மார்ச்சுல எவ்ளோ பேரு வந்தாங்க! புக்கு வந்தாத்தான் சார் தெரியும்."

விசாரணையில் என் அட்டவணையை வக்கீல் வாங்கிப் பார்த்தார். கேள்விக்குறியை விரலால் தொட்டார். "டோட்டல் ஒத்துப்போகுதா?" என்று கேட்டார். ஒத்துப்போகிறது, ஆனால் அது தேதிக்கு ஆதாரம் ஆகாது என்றேன். முதல் பாதியை எழுதிக்கொண்டார். விசாரணை அறிக்கையில் இருந்த வாக்கியம் எனக்கு மனப்பாடம்: "கணக்குப் பிரிவு சரிபார்த்து, கூட்டுத்தொகை முழுதும் பொருந்துவதாக உறுதிசெய்த 8-3-94 தேதியிட்ட பில்." மேஸ்திரியை வேலையிலிருந்து நீக்கினார்கள். தேதி பற்றி ஆட்சேபணை எழுதிக் கொடுத்தேன். அது ஃபைலில் கோக்கப்பட்டது. அதற்குப் பதில் வரவில்லை.

பெயின்டரின் மனைவிக்கு நஷ்டஈடு தனி வழக்காக நடந்து, கிடைத்தது. அது இந்தத் தேதிக்காக நிற்கவில்லை. நின்றது அண்ணன் தங்கைப் பேச்சுதான்.

இரண்டு வருஷம் கழித்து கீழ்க்கட்டளை பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். நஷ்டஈட்டுத் தாள்களில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தபோது பார்த்த முகம். என்னை அவரும் அடையாளம் கண்டுகொண்டார். பின்னால் அதே தொட்டி, புது நீல வர்ணத்தில்.

"நீங்கதான அந்த பில்ல பார்த்து எழுதினது?"

"ஆமாம்மா."

"அன்னிக்கு பெல்ட்டு இருந்துச்சா, இல்லையா?"

"தெரியலம்மா. தேதி படத்துல விழல."

"எங்கண்ணன் இல்லன்னுது. காயிதத்துல கீதுன்றாங்க. பார்த்து எழுதின நீங்க தெரியலன்றீங்க." பஸ் வந்தது. படியில் கால் வைத்துக்கொண்டே திரும்பினார். "அப்ப நான் எங்கண்ணன வூட்டுக்குள்ள வுட்றதா, வாணாமா சார்?"

பஸ் கிளம்பிவிட்டது.

வரி ஆபீசிலிருந்து ஃபைல் நான் அந்தக் கம்பெனியை விடும் வரைக்கும் திரும்பவில்லை. கடைக்காரரின் புத்தகங்களும் வரவில்லை என்றே கேள்வி. போட்டோவின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது; தொகைகள் இன்றைக்குக் கூட்டினாலும் பைசா சுத்தமாக வருகின்றன. பில் எண் 347 எழுதப்பட்டது 1994 மார்ச் 8-ஆ, 18-ஆ, 28-ஆ என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.