வலியில்லாத பருக்களும் வெற்றிலைப் பெட்டிச் சுண்ணாம்பும்

இதை வாசிக்கும் ஐயா, அம்மா, தங்களுக்கு என் வணக்கம். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத, துறைமுகத்தில் மூட்டை எண்ணி ஓய்வு பெற்ற ஒருவன் எழுதும் குறிப்பு இது. சொல்லக் கூசும் விஷயமாயினும் சொல்லாமல் விட்டதால் விளைந்த தீங்கு பெரிது என்பதால் எழுதுகிறேன்.

குளிக்கும்போதுதான் கண்டேன். ஆணுறுப்பின் அடிப்பகுதியில் தோல் நிறத்தில் நான்கைந்து சிறு பருக்கள். அவற்றின் நுனி சொரசொரப்பாக இருந்தது. வலியோ அரிப்போ இல்லை. வலித்திருந்தால் அவ்வளவு அஞ்சியிருக்க மாட்டேன். சத்தமில்லாமல் வருவதெல்லாம் புற்றுநோய் என்று எங்கோ கேட்டது அன்று முதல் என் நெஞ்சில் அமர்ந்துகொண்டது. அதைவிடப் பெரிய அச்சம், முப்பத்தாறு ஆண்டுகளாக என்னோடு வாழும் மனைவியிடம் என்ன சொல்வது என்பதே.

வெறும் மருவாகவும் இருக்கலாம் என்று மனத்தைத் தேற்றினேன். எங்கள் பக்கத்தில் மருவுக்கு இரண்டு வைத்தியம் உண்டு. ஒன்று, கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கையிடுவது. மற்றொன்று, வெற்றிலைச் சுண்ணாம்பைச் சவர்க்காரத்தோடு குழைத்துத் தடவுவது. காணிக்கையை அந்த மாதம் என் மனைவியே செலுத்தினாள். யாருக்கு என்று கேட்டபோது, மகளின் கழுத்து மருவுக்கு என்றாள். நான் அவளுடைய வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைத் திருடினேன்.

மூன்றாம் நாள் தோல் வெந்து புண்ணாயிற்று. நடக்கவே இயலவில்லை. எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று ஃபெர்ரிப் படகில் ஏறி, அக்கரையில் செபராங் ஜெயாப் பக்கமிருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். உள்ளே இருந்தவர் என் மகள் வயதுடைய தமிழ்ப் பெண் மருத்துவர். வாசலிலேயே நின்றேன்.

“ஆம்பளை டாக்டர் இல்லையாம்மா?”

“இன்னைக்கு லீவு, அங்கிள். பக்கத்துல ஆண் உதவியாளர் நிப்பாரு. வெட்கப்படாதீங்க லா, தினமும் பார்க்கிறதுதான்.”

பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார். “இந்தப் புண்ணு எப்படி? என்ன போட்டீங்க?”

“சுண்ணாம்பும்மா. வெத்தலைக்குப் போடறது.”

“வெத்தலைக்குப் போடறதை வெத்தலைக்கே போடுங்க, அங்கிள். கால் ஆணிக்கு விக்கிற மருந்தையும் இங்க தொடாதீங்க. இது மரு. எச்.பி.வி.ங்கிற வைரஸால வருது. தோலும் தோலும் உரசற உறவுல தொத்தும். பெரும்பாலும் மருவைத் தர்ற வகை வேற, புற்றுநோய் தர்ற வகை வேற.”

எனக்கு மூச்சு வந்தது. தலையைக் குனிந்துகொண்டு அடுத்ததைக் கேட்டேன். “எப்பம்மா வந்திருக்கும்?”

“சொல்ல முடியாது. மாசக் கணக்கா, சில பேருக்கு வருஷக் கணக்காகூட சத்தமில்லாம உடம்புல இருக்கும். இதை வெச்சு யார் யாருக்குத் துரோகம் பண்ணாங்கன்னு யாரும் தீர்ப்பு எழுத முடியாது.”

புண் ஆறிய பின் குளிர்த் திரவத்தால் மருவை உறைய வைப்பார்களாம். சில வாரங்களுக்கு ஒருமுறை வர வேண்டும். மரு போனாலும் வைரஸ் உடலில் சில காலம் தங்கும், மீண்டும் முளைக்கலாம், பலருக்கு உடம்பே அதை அடக்கிவிடும் என்றார். எச்.ஐ.வி., மேகநோய் இரண்டுக்கும் இரத்தம் எடுத்தார். கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கொன்றது.

“ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாங்க. அவங்களையும் பார்க்கணும். கருப்பை வாய்ப் பரிசோதனை செஞ்சு எத்தனை வருஷமாச்சுன்னு கேளுங்க. அதுவரைக்கும் உறவு வேண்டாம்.”

திரும்பும் ஃபெர்ரியில் கடலைப் பார்க்கவில்லை. திருமணத்துக்கு முன், துறைமுகத்தில் சேர்ந்த புதிதில், நண்பர்களோடு ஒரு முறை போகக்கூடாத இடத்துக்குப் போயிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. நோயை மறைத்தால் அவள் உடலுக்குக் கேடு, சொன்னால் இல்லறத்துக்குக் கேடு என்று மனம் அலைந்தது.

வீட்டில் அவள் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள்.

“என்னங்க, சுண்ணாம்பு பாதி காணோம். எனக்குத் தெரியாம புகையிலை போடறீங்களா?”

அனைத்தையும் சொன்னேன், அந்தப் பழைய தவறையும். சொல்லி முடித்தபோது என் வேட்டி நுனி கையில் கசங்கியிருந்தது. அவள் பாக்குவெட்டியைக் கீழே வைத்தாள்.

“கல்யாணத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு இப்பவா அழறீங்க?” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “அந்த உப்பும் மிளகும் நம்ம பொண்ணுக்கு இல்லீங்க. எனக்குத்தான். நாலு மாசமா இருக்கு. நீங்க என்னைச் சந்தேகப்பட்டுடுவீங்கன்னு பயந்தேன்.”

ஒரே கூரையின் கீழ் இருவர் ஒரே நோயை ஒருவருக்கொருவர் மறைத்து நடுங்கியிருக்கிறோம். நான் அவள் கையைப் பிடித்தேன். அது என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.

மறுவாரம் இருவரும் சேர்ந்தே போனோம். என் இரத்தத்தில் குறை இல்லை. அவளுக்கு இருந்ததும் அதே மரு. கருப்பை வாய்ப் பரிசோதனையை அவள் இதுவரை செய்துகொண்டதே இல்லை. எடுத்த மாதிரியின் முடிவு இன்னும் வரவில்லை. கைப்பேசி ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் இருவரும் எழுந்து நிற்கிறோம். அச்சம் தீர்ந்ததென்று பொய் எழுத மாட்டேன்.

ஐயா, அம்மா, எங்களைப் போல் மறைத்து அஞ்சும் யாருக்கேனும் உதவக்கூடும் என்பதால், இக்குறிப்பைத் தூக்கி எறியாமல் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.