கூட்டல் முனை மேலே இருந்த படம்

எஞ்சினியரிங்கில் எனக்கு ஒரே ஒரு அரியர்தான் பாக்கி, அனலாக் எலக்ட்ரானிக்ஸ். மூன்றாவது முறை எழுதப் போகிறேன். இதுவும் போனால் மதுரையில் கிடைத்திருந்த வேலையும் போய்விடும். இரண்டு முறையும் காலை வாரிவிட்டது, சிக்னலைப் பெருக்கிக் கொடுக்கும் ஆப்-ஆம்ப் கணக்குதான். சர்க்யூட் படத்தைக் கண்டதும் மனப்பாடமாக இருந்த மைனஸ் ஃபார்முலாவை எழுதிவிடுவேன். அவ்வளவு அவசரம் எனக்கு.

அதே அரியர் வைத்திருந்த பக்கத்து ஊர்த் தோழி எனக்கு ஒரு சட்டம் போட்டாள்.

"பேனாவத் தொடாதடி. இன்புட் ஒயர்ல வெரல வச்சு ஓட்டு. மைனஸ் முனையில முட்டுனா இன்வெர்ட்டிங், விடை மைனஸ்ல வரும்; பிளஸ்ல முட்டுனா நான்-இன்வெர்ட்டிங், விடை பிளஸ். பேரச் சொல்லிட்டுத்தான் கணக்கு!"

உப்பூர் பஸ்ஸில் தினமும் விரல் ஓட்டினோம். பழைய கேள்வித்தாள்களெல்லாம் பஸ்ஸிலேயே இட்லி தின்ற என் சட்னிக் கையால் எண்ணெய் குடித்துவிட்டன.

பரீட்சையன்று ராமநாதபுரத்தில் அந்தக் கணக்கு வந்தே விட்டது. மேல் முனைக்கு ஒரு பத்து கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இன்புட். கீழ் முனையிலிருந்து தரைக்கு இன்னொரு பத்து, அவுட்புட்டுக்குத் தொண்ணூறு. மைனஸ் ஒன்பது என்று எழுதக் கை பரபரத்தது. விரலை ஓட்டினேன். மேலே இருந்தது பிளஸ்!

"நான்-இன்வெர்ட்டிங்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் முறைத்தார்.

மற்றதெல்லாம் மடமடவென்று வந்தது. ஐடியல் ஆப்-ஆம்பின் முனைகளுக்குள் கரண்ட் போகாது. அதனால் மேலே இருந்த பத்து கிலோ ஓம் சும்மா ஏமாற்று வேலை, அதில் வோல்டேஜ் விழாது. அவுட்புட்டிலிருந்து ஃபீட்பேக் திரும்பி வருவதால் மைனஸ் முனையிலும் அதே இன்புட் வோல்டேஜ். தரைக்கு இறங்கும் கரண்ட் முழுக்கத் தொண்ணூறு வழியாகத்தான் வர வேண்டும், ஆகவே அங்கே ஒன்பது மடங்கு. ஏற்கெனவே இருந்த ஒரு மடங்கையும் சேர்த்தால் கெய்ன், அதாவது பெருக்கம், பிளஸ் பத்து.

வெளியே வந்ததும் தோழி கேட்டாள்: "மைனஸ் ஒம்பதுதான?"

இந்தக் கணக்கை எப்போதும் சரியாகப் போடுகிறவள் அவள்; அப்படியானால் நான்தான் தப்போ? பஸ் ஏறியதும் கேள்வித்தாளை விரித்து, அவள் விரலைப் பிடித்து இன்புட் ஒயரில் வைத்து ஓட்டினேன். பிளஸ்ஸில் போய் முட்டியது.

"ஏடி... புத்தகத்துல எப்பவும் மைனஸ்தானடி மேல இருக்கும்! நா வெரலே வைக்கல!"

சிரிக்க ஆரம்பித்தோம். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாத சிரிப்பு. "இதுகளுக்கு என்ன ஆச்சு?" என்று முன்சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார். அவளுக்கு மற்ற கேள்விகள் கைகொடுக்கும் என்று தெரியும். எனக்குத்தான் அந்தக் கணக்கே கதி.

ரிசல்ட் வந்தது. அவள் நல்ல மார்க்கில் பாஸ். நானும் பாஸ், சரியாக எல்லைக்கோட்டில், ஒரு மார்க்கூட அதிகமில்லை. மிளகாய்த் தோட்டத்தில் நின்ற அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மதுரைக்கு எப்ப ஆத்தா போகணும்?" என்றார், கண் கலங்க.

அவரோடு சேர்ந்து மிளகாய் பறித்துக்கொண்டிருந்தபோது தோழியின் போன். "மொதல்ல அந்த வெரலுக்கு ஒரு முத்தம் குடுடி!"

கொடுத்தேன். மிளகாய்க் காரம் உதட்டில் சுள்ளென்று ஏறியது.