மாத்திரைக் கவருல பிரியாணி

லோடு ஆட்டோவுக்கு ஆயில் மாத்தவும் டயர் வாங்கவும் மாசாமாசம் துட்டு ஒதுக்கி வைக்கிற ஆளு நான். மனுச உடம்புக்கும் அப்படி ஒதுக்கணும்னு தோணவே இல்ல. தோணுனது எம் பொண்டாட்டிக்கு. போன வருசம் எங்கம்மாவுக்குத் திடீர்னு தலைசுத்தி, பிரஷர்னு தெரிஞ்சப்போ அவ கம்மலைத்தான் அடகு வச்சோம். கம்மலு திரும்புன அன்னைக்கே பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரு மூணை எடுத்து எழுதிட்டா: மாத்திரை, பல்லு, செக்கப்பு.

"ஏளா, பல்லுக்குத் தனிக் கவரா? நீ பேசுத பேச்சுக்கு வாய்க்கே ஒண்ணு வைக்கணும்"னேன்.

"உங்க வாய்க்குத்தான் அது. ஆறு மாசத்துக்கு ஒருக்க காட்டுனா, ஓட்டை சின்னதா இருக்கும்போதே அடைச்சுரலாம். செலவும் கம்மி."

நான் சும்மா இருந்திருக்கலாம். மாசக் கடைசியில மாத்திரைக் கவருல மிச்சம் விழுந்தா பிரியாணின்னு சொல்லித் தொலைச்சேன். மாத்திரை வாங்குதது எங்கம்மா பொறுப்பு, மாசம் மூணு அட்டை. விலை ஏறுனாலும் இருக்கட்டும்னு எம் பொண்டாட்டி கொஞ்சம் கூடவே வச்சிருந்தா. மூணு மாசமும் மிச்சம் நல்லா விழுந்துச்சு. மருந்துக்கடை அண்ணாச்சி விலையைக் குறைச்சுட்டாரு போலன்னு ஸ்டாண்டு பூரா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

அப்புறம் எங்கம்மாவை செக்கப்புக்குப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா கையில பட்டையைச் சுத்திப் பாத்தாங்க. கொஞ்ச நேரம் உக்கார வச்சு இன்னொருக்க பாத்தாங்க. ரெண்டு தடவையும் பிரஷர் கூடத்தான் இருந்துச்சு.

"மருந்தைக் கூட்டணுமான்னு பாக்கணும். தினமும் போடுதீங்களாம்மா?"

எங்கம்மா சேலை நுனியைப் பையத் திருகுச்சு.

"ஒருநாள் விட்டு ஒருநாள்."

"ஏன்?"

"மிச்சம் விழுந்தாத்தான பிரியாணிங்கான் இவன்."

டாக்டரம்மா என்னைப் பாத்த பார்வையில எனக்குப் பிரஷர் ஏறிட்டு. "மருந்தைக் கூட்டல. ஒழுங்கா தினமும் போட்டுட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்க"ன்னாங்க.

வீட்டுல எம் பொண்டாட்டி புதுச் சட்டம் போட்டா. மிஞ்சுத துட்டு அந்தக் கவருலயே கிடக்கும். மூணு அட்டையையும் மாசம் பொறந்ததும் வாங்கிரணும். பிரியாணிக்கு நாலாவதா ஒரு கவரு, அது என் டீக்காசுலருந்து. எங்கம்மா முகத்துல வந்த சிரிப்பைப் பாக்கணுமே.

அடுத்த மாசம் பிரஷர் நல்லா இறங்கியிருந்துச்சு. டாக்டரம்மா அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, உப்பைக் குறைங்கன்னாங்க. எங்கம்மா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுச்சு. வெளிய வந்து ஆட்டோவுல ஏறுனதும் என் தோள்ல தட்டுச்சு.

"ஏலே, பிரியாணிக் கடை அங்கன இருக்கு. நீ எங்கன போற?"

"உப்பு?"

"சோத்தை நீ தின்னு. எனக்குக் கறி மட்டும் போதும்."

வண்டியைத் திருப்புனேன்.