என்னைப் பற்றி அவர் எழுதிய கடிதம்

பன்னிரண்டு வருஷம் இன்னொருவராக எழுதிச் சம்பளம் வாங்கினேன். யாராவது என் வேலை என்ன என்று கேட்டால் 'பி.ஏ.' என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். டீ வாங்கிவைப்பது, டிக்கெட் போடுவது என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். நினைத்துக்கொள்ளட்டும். முதலாளியின் பேரில் போன ஒவ்வொரு மெயிலும் என் கையால் போனது என்று ஊருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

எங்கள் கம்பெனி புதுச்சத்திரத்தைத் தாண்டி நெடுஞ்சாலை மேல் இருந்தது. துண்டும் படுக்கை விரிப்பும் வெளிநாட்டுக்குப் போகும். முதலாளி ராசிபுரம் பக்கத்துத் தறிக்காரக் குடும்பம். தமிழ் மீடியம் படித்தவர். ஆங்கிலம் படித்தால் புரியும், ஆனால் எழுத வராது. எனக்கு முன்னால் கணக்குப்பிள்ளை ஒருவர்தான் அவருக்கு மெயில் அடித்துக்கொண்டிருந்தார். தாழ்மையான வணக்கத்தில் ஆரம்பித்து, ஆவன செய்யுமாறு வேண்டி முடியும். ஜெர்மனிக்காரன் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் நாலாவது பத்தியில் ஒளிந்திருக்கும்.

நான் சேர்ந்ததும் முதலில் செய்தது, எழுதாமல் அவர் பேச்சைக் கேட்டதுதான். அவர் போன் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். முடியாது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவார். ஏன் என்பது இரண்டாவது. அதற்குப் பதிலாக என்ன செய்ய முடியும் என்பது மூன்றாவது. அதோடு சரி. நிறம் மாறிப்போய்த் துணி திரும்பி வந்தால், 'தப்பு நம்மளுதுங்க' என்று ஆரம்பிப்பார். சுற்றி வளைக்க மாட்டார். ஆளைக் குளிர்விக்கிற வார்த்தை ஒன்றுகூட வராது. இவர் ஆங்கிலத்தில் பேசினால் இப்படித்தான் பேசுவார் என்று ஒரு ஆங்கிலத்தை அவருக்காக நான் கட்டினேன். சின்னச் சின்ன வாக்கியம், பட்டென்று விஷயம். ஆறு மாதத்தில் துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள், உங்கள் மெயிலைப் படித்தால் உங்கள் குரல் கேட்கிறது என்று அவரிடமே சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவருடைய மெயில் பெட்டியைத் திறக்க எனக்கு அனுமதி இருந்தது. காலையில் நான்தான் முதலில் திறப்பேன். வந்ததை மூன்றாகப் பிரிப்பேன்: அவர் பார்க்கவேண்டியது, நான் பதில் போடக்கூடியது, விட்டுவிடலாம் என்பது. மீட்டிங் நேரம், சாம்பிள் போன தேதி மாதிரி விஷயங்களுக்கு என் பேரிலேயே, அவர் சார்பில் என்று போட்டு அனுப்பிவிடுவேன். அவருடைய அபிப்பிராயமோ வாக்கோ இருந்தால் அவர் பேரில் போகும். ஆனால் அப்படிப் போகிற எதுவும் அவர் காதில் விழாமல் போகாது. நான் வரி வரியாக வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். தான் சொல்லாத வார்த்தை வந்தால் ஆள்காட்டி விரல் மேலே போகும். நான் நிறுத்தி மாற்றுவேன்.

"எனக்குத் தெரியாதது எம் பேர்ல போகக்கூடாதுங்க அம்மிணி. நீங்க எவ்வளவு நல்லா எழுதுனாலுஞ் செரி" என்பார்.

அந்த ஒரு விதிக்காகவே அவரை மதித்தேன். மற்ற கம்பெனி பி.ஏ.க்கள் முதலாளி கண்ணில் படாமலே வாக்குறுதிகளை அனுப்பிவிட்டு மாட்டிக்கொண்டு முழித்த கதையெல்லாம் எனக்குத் தெரியும்.

யாராவது வேலையிலிருந்து நின்றால் ஆபீஸ் முழுக்க ஒரு மெயில் போகும். அதற்கு அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. 'ஒரு வரி நான் சொல்றனுங்க, மிச்சத்த நீங்க பாத்துக்குங்க' என்பார். அந்த ஒரு வரி அந்த ஆளைப் பற்றி அவர் மட்டும் அறிந்ததாக இருக்கும். சாயப்பட்டறை மாஸ்டர் ஓய்வுபெற்றபோது, 'இன்னைக்கு நெறம் ஏறாதுன்னு மூணு தடவ சொன்னாரு, மூணு தடவயும் நா நம்பல, மூணு தடவயும் துணி திரும்பி வந்துச்சு' என்றார். வாட்ச்மேனுக்கு, 'எந் தம்பியவே கேட்டுல நிறுத்தி வெச்ச ஆளு'. அந்த வரியைப் படித்துத்தான் ஆபீஸில் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் என் சரக்கு. அதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முதலாளி தினமும் தன் அறைக்கு வந்துகொண்டிருந்தாலும், போன வருஷம் கம்பெனி அவர் மகன் கைக்குப் போனது. நல்ல பிள்ளைதான். மெயிலை எல்லாம் இனி கம்ப்யூட்டரே எழுதிக்கொள்ளும் ஆன்ட்டி, ரெண்டு வார்த்தை சொன்னால் போதும் என்று ஒருநாள் எனக்கே செய்து காட்டினான். திரையில் வந்து விழுந்ததைப் படித்தேன். அதே தாழ்மையான வணக்கம்; பழைய கணக்குப்பிள்ளை உயிரோடு திரும்பி வந்திருந்தார். மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள்; மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

எனக்கு வேலை போனதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. என் நினைப்பெல்லாம் அந்த ஒரு வரி மேல் இருந்தது. என்னைப் பற்றி முதலாளி என்ன சொல்வார்? சின்னப்பிள்ளைத்தனம்தான். ஐம்பது வயதில் ஒரு வரிக்காக ஏங்கினேன்.

கடைசி வாரம் அவர் அறைக்குக் கூப்பிட்டார். "ஆபீசுக்கு மெயில் போடோணுமில்லீங்க அம்மிணி, நீங்க நிக்கறதப் பத்தி?"

"ஆமாங்க சார்." நோட்டைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்தேன்.

"நீங்களே எழுதிப் போட்டுருங்க. உங்களுக்குத் தெரியாததா?"

"அந்த ஒரு வரிங்க சார்?"

"அதயும் நீங்களே போட்டுக்குங்க" என்று சிரித்தார். என் மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னார் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

எனக்கு எந்த வரி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு மத்தியானம், சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரர் வண்டியை மல்லூர் பக்கம் லாரி தட்டிவிட்டது. கம்பெனி டிரைவர் அன்றைக்கு லீவு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி மேஜையிலிருந்து சாவியை எடுத்தார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, பாட்டுப் போடவில்லை. ஒரே ஒரு தடவை, கண்ணாடியில் படிந்த ஆவியைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சாப்பாட்டுப் பையைக் கையில் பிடித்தபடி சாயங்காலம் வரை நின்றார். உட்காரக்கூட இல்லை. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

அதற்கப்புறம் என்னை வேறு இடங்களில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். சேலத்திலேயே, வீட்டுக்குப் பக்கத்திலேயே. நான் போகவில்லை. அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனுக்கு எழுதுவதாகத்தான் பத்து வருஷமும் நினைத்தேன். அவருடைய குரல் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்ததற்கும் அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

அவர் சொன்னால் எப்படிச் சொல்வாரோ அப்படியே எழுதினேன். 'அவர் கணவருக்கு அடிபட்ட அன்று நான்தான் காரை ஓட்டிப்போனேன். மழை. வழியில் நாங்கள் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒருநாள்கூட வேலையில் குறைவைத்ததில்லை.' அதற்கு மேலும் கீழும் ரெண்டு வரி. அவ்வளவுதான். நான் எழுதியதிலேயே நல்ல மெயில் அதுதான்.

மறுநாள் வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். முதல் வரி போயிற்று. காரை ஓட்டிப்போனேன் என்ற இடத்தில் விரல் மேலே போனது.

"இது எப்பங்க அம்மிணி?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பத்து வருஷத்துக்கு முந்திய ஆர்டரில் என்ன நூல் போட்டோம் என்று பேப்பரைப் பார்க்காமல் சொல்கிற ஆள். "மழைல நா வண்டி ஓட்டவே மாட்டனுங்களே. டிரைவர் கூட்டிட்டுப் போயிருப்பான். உங்களுக்கு அன்னைக்கு இருந்த நெலமைல ஆருன்னு தெரிஞ்சிருக்காதுங்க."

"இருக்குமுங்க சார்" என்றேன்.

நான் அழுத்திச் சொல்லியிருக்கலாம். வேட்டி நுனியைச் சொல்லியிருக்கலாம், பையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், 'அப்படீங்களா, செரி போடுங்க' என்றிருப்பார். சாட்சி சொல்லி ஒரு ஞாபகத்தை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. பேனாவால் அந்த வரிகளை அடித்தேன்.

"வேறென்னங்க சார் போடட்டும்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். காத்திருந்தேன். ஒரு வரி வரும் என்று கடைசி வரைக்கும் காத்திருந்தேன். "வேல நல்லாப் பாத்தாங்கன்னு போட்டுருங்க. பொய்யில்லயே அது."

பன்னிரண்டு வருஷமாக அவர் மெயிலுக்குள் நான் நுழையவே விடாமல் வைத்திருந்த ஒரு வார்த்தை உண்டு. 'விலைமதிப்பற்ற பங்களிப்பு'. எவருக்கும் பொருந்துகிற வார்த்தை, அதனால் எவருக்கும் இல்லாத வார்த்தை. அதைப் போட்டு வாசித்தேன். விரல் மேலே போகவில்லை.

மத்தியானம் அவர் பேரில் நானே அனுப்பினேன். ஆபீஸ் பட்டியலில் என் பேரும் இருந்ததால் எனக்கும் வந்தது. எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். நானும், முதல் தடவையாக என் குரலில், அவருக்கு ஒரு பதில் எழுதினேன். 'அன்று ஓட்டியது நீங்கள்தான் சார். என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது. நன்றி.' அனுப்பிவிட்டேன். அவர் வீட்டுக்குப் போன பின்னாலாவது படிப்பார் என்று நினைத்தேனோ என்னவோ.

மறுநாள் காலை, கடைசி நாள், வழக்கம்போல அவருடைய பெட்டியைத் திறந்தேன். மேலே, படிக்காதது என்று தடித்த எழுத்தில் என் மெயில் இருந்தது. அவருக்கு வருகிற எதையும் நான் பிரித்துக் கொடுக்காமல் அவர் பார்த்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பையைப் பிடித்து நின்றதை இவருக்கு எடுத்துக்கொடுப்பதும் நானாகத்தான் இருக்கவேண்டும்.

கை பழக்கதோஷத்தில் பதிலைத் திறந்தது. அவர் குரல் தானாக வந்தது. 'ஆமாங்க அம்மிணி. நல்ல மழை. கண்ணாடியே தெரியல.' அவர் சொன்னால் அப்படித்தான் சொல்வார். ஒரு எழுத்துக்கூட மாறாது. ஒரு பொத்தான்தான். அவர் பேரில் எனக்கு வந்து சேர்ந்திருக்கும். காலம் முழுக்க வைத்துக்கொண்டிருப்பேன்.

ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம், அவருக்குத் தெரியாதது அவர் பேரில் போகக்கூடாது என்பதால், அதை அழித்தேன். என் மெயிலை, விட்டுவிடலாம் என்கிற மூன்றாவது பிரிவில் போட்டுவிட்டு, மற்ற மெயில்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.