முப்பத்திநாலு பக்கம்

பிரிஜாவுக்கு நாற்பத்தொன்பது வயது. குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக வரலாறு நடத்துகிறாள். கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மாணவர்களுக்குப் புத்தகம் கொடுத்தால் திருப்பிக் கேட்க மாட்டாள். துறையில் யாருக்காவது சுகமில்லை என்றால் அவர்கள் வகுப்பையும் சேர்த்து எடுப்பாள். ஆனால் ஒருத்தியைக் கண்டால் மட்டும் வயிறு எரியும். அந்த ஒருத்தி ஜெமி.

ஜெமி வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. முன்பு பிரிஜாவிடம் படித்தவள். அவள் வகுப்பு முடிந்தாலும் பிள்ளைகள் எழுந்து போவதில்லை, வாசலில் நின்று பேசுவார்கள். பிரிஜாவின் வகுப்பில் மணி அடிக்கும் முன்பே பைகள் மூடப்படும் சத்தம் கேட்கும். சின்ன விஷயம்தான். ஆனால் மூன்று வருடமாகத் தினமும் கேட்டால் அது சின்ன விஷயமாக இருக்குமா?

குமரிக் கடற்கரை வரலாறு என்று ஒரு சான்றிதழ் வகுப்பு தொடங்க வேண்டும் என்பது பிரிஜாவின் பதினோரு வருட ஆசை. இந்த வருடம்தான் அனுமதி கிடைத்தது. பத்து வாரம், வாரம் மூன்று மணி நேரம். இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். பதினைந்து பேராவது முடித்தால்தான் அடுத்த வருடமும் நடக்கும், இல்லாவிட்டால் அத்தோடு மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். துறைத் தலைவர் கிருஷ்ணமணி சார், வாசிப்புப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையை ஜெமியிடம் கொடுத்தார். பிரிஜா பார்த்து ஒப்புதல் தந்தால் போதும் என்றார். அந்த ‘பார்த்து’ என்ற சொல் அவளுக்குக் கசந்தது.

பட்டியல் வந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதே பெரிய குறையாக இருந்தது. பெரும்பாலும் தமிழ் வழியில் படித்த பிள்ளைகள். தமிழில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், அகராதியைப் புரட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்கு எட்டு நிமிடம் என்று இரண்டு மாணவர்களை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி ஜெமி அளந்திருந்தாள். அந்தக் கணக்கில் வாரத்துக்கு வீட்டு வாசிப்பு இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஒவ்வொரு வாரமும் கட்டாயம் என்று ஒன்றோ இரண்டோ, அவை இல்லாமல் அன்றைய விவாதம் நடக்காது என்பவை மட்டும். அதற்குக் கீழே ‘விரும்பினால்’ என்று ஒன்றிரண்டு. ஒவ்வொன்றுக்கும் இதை ஏன் படிக்கலாம் என்று ஒரு வரி.

நான்காவது வாரத்தில், ‘விரும்பினால்’ என்பதற்குக் கீழே, பிரிஜாவின் கட்டுரை இருந்தது.

குளச்சல் மீன் ஏலத்தின் வரலாற்றைப் பற்றி அவள் ஆங்கிலத்தில் எழுதியது. முப்பத்திநாலு பக்கம். அதற்காக நாலு வருடம் விடியற்காலையில் ஏலக்களத்தில் போய் நின்றிருக்கிறாள். வேறு ஊர்க்காரர்கள் மேற்கோள் காட்டிய கட்டுரை. விரும்பினால் படிக்கலாமாம். விரும்பாவிட்டால் விட்டுவிடலாமாம். என்னிடம் பாடம் படித்தவள் என்னை ஓரமாக உட்கார வைக்கிறாள் என்று பிரிஜா பொருமினாள்.

அன்று மதியமே கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, தன் கட்டுரையைக் கட்டாயத்துக்கு மாற்றினாள். அதை மட்டும் மாற்றினால் ஆள் யார் என்று தெரிந்துவிடுமே. அதனால் மற்ற வாரங்களிலும் ‘விரும்பினால்’ என்பதிலிருந்து மூன்று கட்டுரைகளைக் கட்டாயத்துக்கு ஏற்றினாள். ஆங்கிலம், முப்பத்திநாலு பக்கம், பக்கத்துக்கு எட்டு நிமிடம் என்றால் தனியாக நாலரை மணி நேரம் ஆகும் என்பது அந்தத் தாளிலேயே இருந்த கணக்கு. அவள் அதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, நல்ல விஷயம் என்றால் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒப்புதல் கொடுத்தாள்.

முதல் வாரம் இருபத்தாறு பேர் வந்தார்கள். இரண்டாவது வாரம் இருபத்துமூன்று. மூன்றாவது வாரம் பத்தொன்பது. நான்காவது வாரம் தன் கட்டுரையைப் பற்றிப் பேச நல்ல சேலை உடுத்திக்கொண்டு போனாள். பதினோரு பேர் இருந்தார்கள். முதல் கேள்வி கேட்டாள், எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். கூடவே வைத்திருந்த எளிய தமிழ்க் கட்டுரையைப் பற்றிக் கேட்டாள். அதையும் இரண்டு பேர்தான் படித்திருந்தார்கள்.

கிருஷ்ணமணி சார் இருவரையும் அறைக்கு அழைத்தார். இப்படியே போனால் பாதியிலேயே நிறுத்திவிடலாம் என்றார். பட்டியலைப் போட்டது யார் என்று கேட்டார். ஜெமி, தான்தான் போட்டதாகவும் பாரம் கூடிப்போனதாகவும் ஒரு வாரத்தில் சரிசெய்வதாகவும் சொன்னாள். பிரிஜா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் உள்ளுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சிகூட இருந்தது. அதற்காகப் பின்னால் வெட்கப்பட்டாள்.

மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் யாசிர் நின்றான். நான்காவது வாரம் வராதவர்களில் ஒருவன், குளச்சல் பையன். ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

“முப்பத்திநாலு பக்கம் இங்கிலீசு இருந்துது மிஸ். அஞ்சு பக்கம் படிச்சேன். எப்படியும் முடியாதுன்னு தெரிஞ்ச பிறகு தமிழ்ல உள்ளதயும் மூடி வச்சிட்டேன். ஒண்ணும் படிக்காம வந்து இருந்தா நாணக்கேடில்லியா?”

அந்த ஆங்கிலக் கட்டுரை எப்படி இருந்தது என்று கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

“யாரு எழுதினதுன்னுகூடப் பாக்கல மிஸ்.”

தன்னை முன்னால் உட்கார வைக்கப் போய், மற்ற எழுத்துகளையும் சேர்த்து மூட வைத்துவிட்டாள். பதினோரு வருட ஆசையைத் தன் கையாலேயே கெடுத்தாயிற்று. பேருந்தை விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். முதலில் கிருஷ்ணமணி சாரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு துறை அறைக்குப் போய் ஜெமியின் எதிரே உட்கார்ந்து, பட்டியலை மாற்றியது தான்தான் என்றாள்.

“அண்ணைக்கே தெரியும் மிஸ். யாரு எப்ப மாத்தினதுன்னு அந்த ஃபைல்லயே காட்டும்.”

“பின்னே நீ ஏன் சார்கிட்ட சொல்லல?”

“நீங்களே சொல்லுவியன்னு நெனச்சேன்.”

திட்டியிருந்தால்கூட பிரிஜா தாங்கியிருப்பாள். பொறுமையிலும் இவள்தான் முன்னால் நிற்க வேண்டுமா என்று தோன்றியது. அந்தக் குற்ற உணர்விலும் பொறாமை வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இருவருமாகப் பட்டியலைத் திருத்தினார்கள். ஏற்றிய மூன்றும் ‘விரும்பினால்’ என்பதற்கு இறங்கின. நான்காவது வார விவாதத்தை ஆறாவது வாரத்தில் மறுபடி வைப்பது, வராமல் போனவர்களுக்கும் சொல்லி அனுப்புவது என்று முடிவானது. என் கட்டுரையை முழுசாக எடுத்துவிடு என்றாள் பிரிஜா. வேண்டாம் மிஸ் என்று சொல்லி ஜெமி இழுப்பறையிலிருந்து ஒரு பழைய நகலை எடுத்தாள். ஓரங்கள் கசங்கி, பக்கமெல்லாம் பென்சில் கோடு. பதினொன்று முதல் பதினாறு வரை ஆறு பக்கங்களுக்கு மட்டும் அடைப்புக்குறி போட்டிருந்தாள்.

“இந்த ஆறு பக்கத்த கட்டாயத்துல வைப்போம். நாப்பத்தெட்டு நிமிசத்துல முடிச்சிருவினும். இது பிடிச்சிதுன்னா மிச்சத்த அவியளே தேடிப் படிப்பினும்.”

பிரிஜா வாங்கிப் பார்த்தாள். ஏலம் கூறுபவரின் விரல் சைகைகளைப் பற்றி எழுதிய பக்கங்கள். அந்த முப்பத்திநாலில் தனக்கு உண்மையிலேயே பிடித்தவை அந்த ஆறுதான் என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவது வாரம் பதினெட்டுப் பேர் வந்தார்கள். விவாதத்தில் மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. பதினேழு பேர் முடித்தார்கள். அடுத்த வருடத்துக்கு ஒருங்கிணைப்பாளர் பெயரை எழுதித் தரச் சொன்னார் கிருஷ்ணமணி சார். பிரிஜா ஜெமியின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை அவர் மேசையில் வைக்கும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.